தாத்தா ஆறடி இருந்தார், அதனால்?

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் போன மாதம் ஒரு வீடியோ வந்தது. கதர்ச் சட்டை போட்ட ஒருவர் பொடி உப்பில் ஏதோ ஒரு திரவத்தைச் சொட்டு விடுகிறார். உப்பு நீலமாகிறது. "பாருங்க, இதுதான் உங்க வீட்டு உப்புல இருக்கிற விஷம்" என்கிறார். அடுத்து கல் உப்பில் அதே சொட்டு. நிறம் மாறவில்லை. "இதுதான் நம்ம முன்னோர் தின்ன உப்பு." கீழே சித்தி கைகூப்பும் பொம்மை போட்டிருந்தார். அதற்கும் கீழே சித்தி மகளின் பதில்: "நாங்க போன வாரமே மாத்திட்டோம்."

அவளுக்கு அப்போது இரண்டாவது மாதம். இல்லாவிட்டால் நான் வழக்கம்போல் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பேன். போன் போட்டேன்.

"அண்ணே, நம்ம தாத்தா ஆறடி இருந்தாரு. அவரு என்ன அயோடின் உப்பா தின்னாரு? உப்பளத்துல இருந்து மூட்டையில வந்த உப்புதான. நீங்களும் நானும் பாக்கெட் உப்பு தின்னுதான் இப்படி அஞ்சரை அடியில நிக்கோம்."

சிரித்துவிட்டேன். பதில் சொல்ல முடியவில்லை என்பதும் உண்மை. கோபம் இருந்தது, கையில் விவரம் இல்லை. அதற்குப் பிறகு படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்த வீடியோக்காரரை விட எனக்குக் கூடுதல் கோபம், இந்த வாதத்தைக் கேட்டுவிட்டு "அது அவங்கவங்க விருப்பம்" என்று நகர்ந்துவிடும் படித்த நண்பர்கள்மேல். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வீடியோவில் நடந்ததை முதலில் முடித்துவிடலாம். நீல நிறம் விஷத்தின் அடையாளம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள்: மாவுச்சத்தும் அயோடினும் சேர்ந்தால் நீலம். சுகாதாரப் பணியாளர்கள் கையில் வைத்திருக்கும் சோதனைப் பாட்டிலில் மாவுச்சத்துக் கரைசல் இருக்கும். உப்பு நீலமானால் அதில் அயோடின் இருக்கிறது என்று பொருள். அந்த மனிதர் தேர்வில் பாஸான உப்பைக் காட்டி, "பாருங்க, ஃபெயில்" என்று சொல்லியிருக்கிறார்.

தாத்தாவின் ஆறடிதான் கடினமான கேள்வி. அது கண்ணுக்குத் தெரிகிற ஆதாரம். அயோடின் குறைந்தால் வளர்ச்சி குன்றும் என்கிறீர்கள். நம் ஊரில் குன்றியவர்கள் எங்கே? நியாயமான கேள்விதான். ஆனால் உயரத்தை எப்போது, யாரிடம் அளக்கிறோம் என்பதில் சிக்கல் இருக்கிறது.

பிறக்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும்

தைராய்டு சுரப்பியே இல்லாமல் ஒரு குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படிப் பிறக்கிற குழந்தைகள் உண்டு. அந்தக் குழந்தையின் நீளத்தைப் பிரசவ அறையில் அளந்தால் என்ன வரும்? மற்றக் குழந்தைகளைப் போலவே இருக்கும். எடையும் அப்படித்தான். கருப்பையில் உடல் நீளமாவதற்குக் குழந்தையின் சொந்தத் தைராய்டு பெரிதாகத் தேவைப்படுவதில்லை. பல நாடுகளில் பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஊசி குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை வடிதாளில் எடுத்துப் பரிசோதிப்பதற்குக் காரணம் இதுதான். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருந்தால் மூளைக்கு நேரம் போய்விடும்.

உயரம் பின்தங்குவது பிறந்த பிறகுதான், மாதக்கணக்கில் மெல்லத் தெரியவரும். எலும்பின் முனைகளில் வளர்ச்சித் தட்டு என்று குருத்தெலும்பாலான ஒரு அடுக்கு இருக்கிறது. அங்கே செல்கள் வரிசையாகப் பெருகி, பருத்து, முதிர்ந்து, எலும்புக்கு இடம் விட்டுக்கொடுக்கின்றன. எலும்பு நீள்வது இப்படித்தான். செல்கள் சரியான வரிசையில் முதிர்வதற்குத் தைராய்டு ஹார்மோன் வேண்டும். அதே ஹார்மோன் இன்னொரு வழியிலும் வேலை செய்கிறது. பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனைப் போதுமான அளவு உருவாக்கவும் அது தேவை. ஆக, தைராய்டு குறைந்தால் தட்டும் தடுமாறுகிறது, தட்டுக்கு உத்தரவு அனுப்பும் இடமும் தளர்கிறது. எக்ஸ்ரே எடுத்தால் ஆறு வயதுக் குழந்தையின் மணிக்கட்டு எலும்புகள் இரண்டு, மூன்று வயதுக் குழந்தையுடையதைப் போல இருக்கும். கால்கள் குட்டையாக, உடல் விகிதம் கைக்குழந்தையின் விகிதத்திலேயே நின்றுவிடும்.

அந்த ஹார்மோனின் மூலப்பொருள் அயோடின். வேறு எதை வைத்தும் உடல் அதைச் செய்ய முடியாது.

இதில் ஒரு ஆறுதலும் உண்டு. குறையைச் சீக்கிரம் கண்டுபிடித்து ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் உயரம் திரும்ப வந்துவிடுகிறது. பின்தங்கிய குழந்தை வேகமாக வளர்ந்து ஈடுகட்டிவிடும். எலும்பு அந்த அளவுக்குப் பொறுமையானது. மூளை அப்படியில்லை. கருவின் முதல் மாதங்களில் நடக்க வேண்டிய வேலை அப்போதே நடந்தாக வேண்டும். பின்னால் எவ்வளவு கொடுத்தாலும் அந்தக் கணக்கு நேராவதில்லை.

இரண்டு வகைக் குழந்தைகள்

1908இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் கில்கிட், சித்ரால் பள்ளத்தாக்குகளில் பார்த்ததை எழுதினார். பின்னாளில் இவர்தான் நம்ம குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் நடத்தியவர். கழுத்துக் கழலை அதிகமாக இருந்த அந்தக் கிராமங்களில், பிறவியிலேயே பாதிக்கப்பட்டவர்களை அவர் இரண்டு வகையாகப் பிரித்தார். கழலைக்குக் காரணம் தண்ணீரில் இருக்கும் கிருமி என்று நம்பி, அதை நிரூபிக்கத் தானே அழுக்குத் தண்ணீர் குடித்துப் பார்த்தவர் அவர். காரணத்தைத் தவறாகச் சொன்னார். ஆனால் கண்ணால் பார்த்து அவர் பிரித்த இரண்டு வகைகளும் இன்றுவரை நிற்கின்றன.

ஒரு வகையினருக்குக் காது கேட்காது, பேச்சு வராது. கால்கள் விறைத்திருக்கும், மாறுகண் இருக்கும், அறிவு வளர்ச்சி கடுமையாகக் குறைந்திருக்கும். உயரம் பெரும்பாலும் அவ்வளவு மோசமாகப் பாதிக்கப்பட்டிருக்காது. இரண்டாவது வகையினர் மிகக் குள்ளமானவர்கள். தோல் தடித்து வறண்டிருக்கும், முகம் உப்பியிருக்கும், பருவ வளர்ச்சி வந்திருக்காது. அவர்களுக்குக் காது கேட்பது அரிதாகத்தான் போகும்.

இந்த வேறுபாட்டைப் புரிய வைப்பது காலம். முதல் வகையில் அடி விழுவது கருவின் தொடக்க மாதங்களில். அப்போது குழந்தைக்குச் சொந்தமாக ஹார்மோன் செய்யத் தெரியாது. ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரத்தில்தான் அதன் சுரப்பி அயோடினைப் பிடிக்கவே தொடங்குகிறது, பேர் சொல்லும்படி வேலை செய்வது பாதிக் கர்ப்பத்தில்தான். அதுவரை வேண்டிய மொத்தத்தையும் அம்மாவிடமிருந்து கடன் வாங்குகிறது. அம்மாவிடமே இல்லையென்றால் கடனும் இல்லை. இரண்டாவது வகையில் அடி விழுவது கர்ப்பத்தின் கடைசியிலும் பிறந்த பிறகும். குழந்தையின் சொந்தச் சுரப்பியே தேய்ந்து செயலிழக்கிறது, அதனால் எலும்பு நிற்கிறது. காங்கோவின் சில பகுதிகளில் இந்த வகையே அதிகம். அங்கே அயோடின் குறைவோடு, சரியாக ஊறவைத்துப் பதப்படுத்தாத மரவள்ளிக் கிழங்கும் மண்ணில் செலினியம் இல்லாததும் சேர்ந்துகொண்டன. மிகச் சிறு வயதிலேயே அயோடின் கொடுத்தபோது சில குழந்தைகளின் சுரப்பி மறுபடி உயிர்பெற்றது. வயது ஏற ஏற அந்த வாய்ப்புக் குறைந்தது.

இப்போது தாத்தாவுக்கு வருகிறேன். ஒருவர் ஆறடி வளர்ந்திருக்கிறார் என்றால், சிறுவயதில் அவருடைய தைராய்டு ஓரளவு ஒழுங்காக வேலை செய்திருக்கிறது என்று சொல்லலாம். அவர் அம்மாவின் வயிற்றில் இரண்டாவது மாதத்தில் என்ன நடந்தது என்று அந்த ஆறடி சொல்லாது. உயரம் தாமதமாக வரும் சாட்சி, அதுவும் வேறொரு சம்பவத்துக்கான சாட்சி. தவிர, ஆறடித் தாத்தா மட்டும்தான் நம் நினைவில் இருக்கிறார். அவருடைய அம்மாவுக்குக் கலைந்த கருக்களையும், ஊரில் "ஊமை" என்று பேர் வைத்து விட்டுவிட்ட பிள்ளைகளையும் யார் கணக்கெடுத்தார்கள்? அந்தப் பிள்ளைகள் எல்லாம் அயோடினால்தான் அப்படி ஆனார்கள் என்று நான் சொல்லவில்லை. எண்ணாத கணக்கை ஆதாரமாகக் காட்டாதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

ஜிமி பள்ளத்தாக்கில் ஒரு எண்ணிக்கை

எண்ணிய கணக்கு ஒன்று இருக்கிறது. பப்புவா நியூ கினியின் மலைப் பகுதியில் ஜிமி பள்ளத்தாக்கு. 1966இல் ஒரு மருத்துவக் குழு அங்கே போனது. கழலையும், காது கேளாத, நடக்க முடியாத குழந்தைகளும் அதிகமாக இருந்த இடம். கழலைக்கு அயோடின்தான் காரணம் என்று அப்போது தெரியும். குழந்தைகளின் பாதிப்புக்கும் அதுதான் காரணமா என்பதில் சண்டை இருந்தது. குழு ஒரு குடும்பத்துக்கு அயோடின் கலந்த எண்ணெய் ஊசியும், அடுத்த குடும்பத்துக்கு வெறும் உப்புநீர் ஊசியும் என்று மாற்றி மாற்றிப் போட்டது. எண்ணெய் தசையில் தங்கி ஆண்டுக்கணக்கில் அயோடினைக் கசியவிடும். பிறகு பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள்.

1971இல் முடிவு வெளியானது. உப்புநீர் ஊசி போட்ட குடும்பங்களில் பிறந்த 534 குழந்தைகளில் 26 பேருக்குப் பாதிப்பு. அயோடின் போட்ட குடும்பங்களில் 498இல் 7 பேர். இதுவே பெரிய வித்தியாசம். ஆனால் அந்த ஏழு பேரைப் பற்றித் தோண்டியபோது வந்த தகவல்தான் என்னை உட்காரவைத்தது. ஏழில் ஆறு குழந்தைகளின் அம்மாக்கள் ஊசி போட்ட நாளிலேயே கர்ப்பமாக இருந்தார்கள். அதாவது அயோடின் வந்தது, ஆனால் தாமதமாக வந்தது. உப்புநீர்க் குழுவின் 26இல் அப்படி ஏற்கெனவே கருவுற்றிருந்தவர்கள் ஐந்து பேர்தான். மற்ற 21 குழந்தைகளும் பிறகு கருவானவர்கள். அவர்களுடைய அம்மாக்களுக்கு அந்த எண்ணெய் கிடைத்திருந்தால் பெரும்பாலோர் தப்பியிருப்பார்கள்.

என் தங்கச்சிக்கு நான் சொல்ல விரும்பியது இதுதான். "முதல்ல கல் உப்பு போட்டுப் பாப்போம், ஏதாவது பிரச்சினைன்னா மாத்திக்கலாம்" என்ற வாதம் இந்த விஷயத்தில் செல்லாது. எங்கள் வேலையில் மென்பொருளை வெளியிட்டுவிட்டுப் பிழை வந்தால் பழைய பதிப்புக்குத் திரும்பிவிடுவோம். கருவின் இரண்டாவது மாதத்துக்குத் திரும்பிப் போக வழியில்லை. பிழை இருந்தது என்று தெரிவதற்கே மூன்று வருஷம் ஆகும்.

கடலில் எவ்வளவு இருக்கிறது?

"அண்ணே, கடல்ல அயோடின் இல்லையா? கடல் உப்புல எப்படி இல்லாமப் போகும்?" இதுவும் அவள் கேட்டது. தூத்துக்குடிப் பக்கத்தில் பிறந்தவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். இதற்குக் கூட்டல் கழித்தல் போதும்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதே லிட்டரில் இருக்கும் அயோடின் 50 முதல் 60 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்த அயோடின் ஒரு துளிகூட வீணாகாமல் உப்போடு வந்து சேர்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் உப்புக்கு அதிகபட்சம் 1.7 மைக்ரோகிராம். நாம் ஒரு நாளில் 10 கிராம் உப்பு தின்றால் 17 மைக்ரோகிராம் கிடைக்கும்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும் என்கிறது. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 250. அந்த 250ஐக் கடல் உப்பிலிருந்து மட்டும் எடுக்க வேண்டுமென்றால் தினமும் சுமார் 150 கிராம் உப்பு தின்ன வேண்டும். ஆளே இருக்க மாட்டார்.

இதுவும் கடலுக்குச் சாதகமாகப் போட்ட கணக்கு. உண்மையில் பாத்தியில் வெயில் காயும்போது அயோடினில் ஒரு பகுதி காற்றோடு போகிறது. இன்னொரு பகுதி, உப்பு வாரிய பிறகு மிஞ்சும் கசப்பு நீரிலேயே தங்கிவிடுகிறது. கடலில் அயோடின் செறிந்திருப்பது மீனிலும் பாசியிலும்தான். அவை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைக்கின்றன. தினமும் மீன் தின்கிற வீட்டுக்கு அதனால் ஓரளவு பலன் உண்டு. உப்பளத்துப் பக்கத்தில் வீடு இருப்பதால் எந்தப் பலனும் இல்லை. இந்துப்பு இன்னும் மோசம். அது என்றோ காய்ந்துபோன கடலின் பாறை. நிறம் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

ஆயிரம் கிலோவுக்கு ஐம்பது கிராம்

அடுத்தது "கெமிக்கல்" வாதம். நம் நாட்டில் உப்பில் சேர்ப்பது பொட்டாசியம் அயோடேட். வெயிலிலும் ஈரத்திலும் அயோடைடை விடத் தாக்குப்பிடிக்கும் என்பதால் இது. கிலோவுக்கு 30 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டுமென்றால், ஒரு டன் உப்பில் சேர்க்க வேண்டிய அயோடேட் சுமார் 50 கிராம். ஆயிரம் கிலோவுக்கு ஒரு கைப்பிடிகூட இல்லை. அதைத் தண்ணீரில் கரைத்து உப்பின் மேல் தெளிக்கிறார்கள். கடைக்கு வரும்போது கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது சட்டம். பத்து கிராம் உப்பில் 150 மைக்ரோகிராம். கணக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். சமைக்கும்போது ஐந்தில் ஒரு பங்கு போகலாம் என்பதால்தான் ஆலையில் கூடுதலாகச் சேர்க்கிறார்கள்.

"கார்ப்பரேட் சதி" வாதத்தை நான் அப்படித் தள்ளிவிட மாட்டேன், அதில் ஒரு துண்டு உண்மை இருக்கிறது. அயோடின் சட்டம் வந்தபோது தெளிக்கும் இயந்திரமும் பாக்கெட் போடும் வசதியும் இல்லாத சிறு உற்பத்தியாளர்கள் அடிபட்டார்கள். பெரிய நிறுவனங்களுக்கு அது வசதியாக இருந்தது. 1998இல் அயோடின் இல்லாத உப்பை உணவுக்கு விற்கத் தடை வந்தது. 2000இல் மத்திய அரசு அதை நீக்கியது, 2006இல் மறுபடி நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2011இல் உச்ச நீதிமன்றம், அந்தத் தடை விதி அப்போதிருந்த கலப்படத் தடைச் சட்டத்துக்குள் அடங்காது என்று தீர்ப்புச் சொன்னது. பிறகு புதிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளில் தடை தொடர்ந்தது. 2011 தீர்ப்பை "உச்ச நீதிமன்றமே அயோடின் உப்பு தப்புன்னு சொல்லிருச்சு" என்று பரப்புகிறவர்கள் தீர்ப்பைப் படிக்கவில்லை. கேள்வி, எந்தச் சட்டத்தின் கீழ் விதி போடலாம் என்பது.

சிறு உற்பத்தியாளர் நசுங்கினால் அவருக்கு இயந்திரம் வாங்கக் கடன் கொடு என்று போராட வேண்டும், கூட்டுறவு அமைக்கச் சொல்ல வேண்டும். அரசே அதைச் செய்ய முடியும் என்பதற்கு நம்மிடமே உதாரணம் உண்டு. ராமநாதபுரம் வாலிநோக்கத்தில் தமிழ்நாடு அரசின் உப்பு நிறுவனம் அயோடின் உப்பு தயாரிக்கிறது. 2014இல் வந்த அம்மா உப்பு அங்கே செய்ததுதான். கார்ப்பரேட்மேல் இருக்கும் கோபத்தைக் கர்ப்பிணியின் சாம்பாரில் காட்டுவது என்ன அரசியல்?

என் பக்கத்துப் பொய்கள்

அயோடின் பக்கம் நிற்கிறவர்களும் பொய் சொல்கிறார்கள். "உங்கள் குழந்தை உயரமாக வளர" என்ற விளம்பர மொழியில் அயோடினையும் சேர்த்து விற்பது அதில் ஒன்று. அயோடின் உயர டானிக் கிடையாது. கடுமையான, நடுத்தரக் குறைபாடு இருந்த இடங்களில், உதாரணமாக மொராக்கோவில், பள்ளிக் குழந்தைகளுக்கு அயோடின் கொடுத்தபோது வளர்ச்சி ஹார்மோனோடு சேர்ந்து இயங்கும் ஐ.ஜி.எஃப்-1 என்ற பொருள் ரத்தத்தில் கூடியது, வளர்ச்சியும் மேம்பட்டது. லேசான குறைபாட்டில் அப்படி உயரம் கூடும் என்று இதுவரை யாரும் உறுதியாகக் காட்டவில்லை. போதுமான அயோடின் ஏற்கெனவே இருக்கும் குழந்தைக்கு மேலும் கொடுத்தால் ஒரு அங்குலமும் கூடாது. நம் குழந்தைகளின் குட்டைத்தனத்துக்குச் சோறு, புரதம், திரும்பத் திரும்ப வரும் வயிற்றுப்போக்கு, அம்மாவின் ரத்தசோகை என்று பல காரணங்கள் உண்டு. அவற்றை உப்புப் பாக்கெட்டால் மூட முடியாது.

இன்னொன்று. பெங்களூரிலும் பாங்காக்கிலும் லேசான குறைபாடுள்ள கர்ப்பிணிகளுக்குத் தினமும் 200 மைக்ரோகிராம் அயோடின் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது. ஐந்தாறு வயதில் அந்தக் குழந்தைகளின் அறிவுத்திறனில் வித்தியாசம் இல்லை. கல் உப்புக்காரர்கள் இதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதற்கு முன்னால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அயோடின் உப்பு புழக்கத்தில் இருக்கும் ஊரில், அதன் மேல் மாத்திரையும் சேர்த்தால் பெரிய லாபம் இல்லை என்று அந்த ஆய்வு சொல்கிறது. உப்பையே எடுத்துவிடலாம் என்று சொல்லவில்லை. கூரைக்கு மேல் இன்னொரு கூரை தேவையில்லை என்பதும், இருக்கிற கூரையைப் பிரித்துவிடு என்பதும் வேறு வேறு.

அளவு மீறினாலும் தொந்தரவுதான். வெகுகாலம் அயோடின் குறைவாக வாழ்ந்த ஊரில் திடீரென்று கொடுத்தால், கழுத்தில் கட்டி உள்ள முதியவர்கள் சிலருக்குத் தைராய்டு அதிகமாகச் சுரக்கும். தைராய்டு தன்னெதிர்ப்பு நோய்களும் சில இடங்களில் கொஞ்சம் கூடியிருக்கின்றன. ஏற்கெனவே தைராய்டு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும், என்னையோ கதர்ச் சட்டைக்காரரையோ கேட்கக் கூடாது. இவற்றை ஒளிக்காமல் சொல்வதால் வாதம் பலவீனமாகாது. ஒளித்தால்தான் வீடியோக்காரர்களுக்கு வேலை கிடைக்கிறது.

தமிழ்நாடு 61.9

2018-19இல் இந்தியா முழுக்க வீட்டு உப்பை எடுத்துச் சோதித்தார்கள். போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டளவில் 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9 சதவீதம். மாநிலங்களின் வரிசையில் கடைசி இடம் நமக்கு. பேறுகால மருத்துவமனைகள், சத்துணவு, பெண் கல்வி என்று எல்லாப் பட்டியலிலும் மேலே இருந்து பெருமைப்படுகிறவர்கள் நாம். நாட்டின் பெரிய உப்பு மாநிலங்களில் ஒன்றும் நம்முடையதுதான். உப்பு வாருகிற கை இங்கே, அயோடின் இல்லாத உப்பும் இங்கே. உப்பளத்துக்கு அருகில் இருப்பதே காரணம் என்று நினைக்கிறேன். சாக்கு மூட்டையில், சைக்கிளில், சந்தையில் கல் உப்பு சுலபமாக வந்து சேர்கிறது. "நேரடி உணவுக்கு அல்ல" என்று பொடி எழுத்தில் அச்சிட்டுவிட்டால் சட்டமும் கண்ணை மூடிக்கொள்கிறது. பழைய பழக்கம் ஏற்கெனவே இருந்தது. "பாரம்பரியம்" என்ற புதுப் பெயரைக் கடந்த பத்து வருஷத்தில் நாம்தான் வைத்தோம். நாம் என்றால் ஆர்கானிக் கடையில் இந்துப்பு வாங்கும் ஐ.டி. கூட்டமும் சேர்த்துத்தான்.

நாட்டளவில் மக்களின் சிறுநீரில் உள்ள அயோடின் அளவு இப்போது போதுமானதாகவே இருக்கிறது. அதனால் நாளைக்கே ஊர் ஊராகப் பிள்ளைகள் குன்றிப்போவார்கள் என்று நான் பயம் காட்டவில்லை. ஆனால் அந்த அளவு போதுமானதாக இருப்பதே உப்பால்தான். நடுநிலை எண் ஊருக்குச் சொந்தமானது. மீன் தின்னாத, பால் பிடிக்காத, கல் உப்பு மட்டும் போடுகிற ஒரு வீட்டின் இரண்டாம் மாதக் கர்ப்பிணியை அந்த எண் காப்பாற்றாது. பிள்ளை பிறந்த பிறகும் இது முடிவதில்லை. ஐந்து வயதுவரை குழந்தைக்குத் தினம் 90 மைக்ரோகிராம் வேண்டும். முதல் ஆறு மாதம் அது தாய்ப்பால் வழியாக மட்டுமே வர முடியும். பெரியவர்களின் சுரப்பியில் மாதக்கணக்குக்குச் சேமிப்பு இருக்கும். பச்சைக் குழந்தையின் சுரப்பியில் அப்படி எதுவும் கிடையாது. அம்மாவின் தட்டுதான் அதன் வங்கி.

தங்கச்சிக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. கடல் கணக்கை மட்டும் ஒரு தாளில் எழுதி, படம் எடுத்து அனுப்பினேன். 17, 150, 250. ஒரு நாள் பதில் இல்லை. மறுநாள் ஒரு பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். கல் உப்புதான். ஆனால் சிரிக்கும் சூரியன் முத்திரையும், அயோடின் அளவும் இருந்தது. "இப்படியும் விக்காங்க அண்ணே. கல்லாவும் இருக்கு, அயோடினும் இருக்கு. அத்தைக்கும் சமாதானம். இது ஓகேவா?"

ஓகே என்றேன். ஈரம் படாத மூடி போட்ட டப்பாவில் வை, இறக்கும்போது உப்புப் போடு, அடுத்த முறை மருத்துவமனை போகும்போது தைராய்டு சோதனையைக் கேட்டு எடுத்துக்கொள் என்றேன்.

குடும்பக் குழுவில் அந்த வீடியோ இன்னும் இருக்கிறது. அதன் கீழே அந்தத் தாளின் படத்தையும் போட்டிருக்கிறேன். சித்தி இன்னும் கைகூப்பவில்லை.